பன்னிரண்டு வாரக் கணக்கிலிருந்து ஒரு மாதத்தின் பார்வைகளை மதிப்பிடுதல்

கிளிநொச்சி மாவட்டத்து நெற்செய்கையாளருக்காக நாங்கள் மூவர் சேர்ந்து ஒரு யூரியூப் அலைவரிசை நடத்துகிறோம். விதைநெல் தெரிவு, நீர் விடும் முறை, களை, பூச்சி, நோய் ஆகியவற்றைப் பற்றி வாரத்துக்கு ஒரு காணொளி வெளியாகும். பரந்தனில் விதையும் உரமும் விற்கும் கடைக்காரர் ஒருவர் அதற்கு மாதந்தோறும் விளம்பரம் தருகிறார். 2025 ஓகஸ்ட் கடைசியில் அவர் புதிதாக ஒன்று கேட்டார்: "தம்பி, போன மாதத்துக் கணக்கு எனக்குத் தேவையில்லை. வாற மாதம் எத்தனை தரம் பாப்பினம் எண்டு ஒரு தொகை சொல்லும், அதை வச்சுத்தான் நான் காசு பேசலாம்."

நியாயமான கேள்விதான். கையில் இருந்தது வாராந்தப் பார்வைக் கணக்கு. கேட்கப்பட்டது முழு செப்டெம்பர் மாதத்துக்கான ஒரு கூட்டுத்தொகை. ஒரு விரிதாளை மட்டும் வைத்துக்கொண்டு அந்தத் தொகையை எப்படிக் கட்டினேன் என்பதையும், வாரத்தை நன்றாகக் கணிக்கும் முறை மாதத்தையும் நன்றாகக் கணிக்கும் என்று ஏன் நம்பிவிடக் கூடாது என்பதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

தரவைத் தயார் செய்தல்

யூரியூப் ஸ்ரூடியோவின் பகுப்பாய்வுப் பகுதியில் `Advanced mode` சென்று, நாள்வாரியாகப் பார்வைகளைத் தரவிறக்கி, வாரங்களாக நானே கூட்டினேன். நாள்வாரியாக எடுத்தால்தான் வாரம் எந்த நாளில் தொடங்குகிறது என்பதை நாமே தீர்மானிக்கலாம். 2025 செப்டெம்பர் 1 திங்கட்கிழமையாக இருந்தது வசதியாக அமைந்தது. திங்கள் முதல் ஞாயிறு வரையான வாரங்களாகப் பின்னோக்கி எண்ணினால், ஜூன் 9 முதல் ஓகஸ்ட் 31 வரை சரியாகப் பன்னிரண்டு முழு வாரங்கள் கிடைக்கின்றன.

இங்கே இரண்டு விடயங்களைக் கவனிக்க வேண்டும். முதலாவது, யூரியூப்பின் பகுப்பாய்வு நாள்களை அமெரிக்கப் பசிபிக் நேரப்படி கணக்கிடுகிறது. ஆகவே ஜூன் முதல் செப்டெம்பர் வரையில் அதன் ஒரு நாள் நமது நேரப்படி மதியம் 12.30 மணிக்கே தொடங்குகிறது. திங்கள் காலையில் தோட்டத்துக்குப் போகுமுன் ஒருவர் பார்த்தது ஞாயிற்றுக் கணக்கில் சேரும். இதனால் மதிப்பீடு கெட்டுவிடாது. ஆனால் விளம்பரதாரரும் நாமும் ஒரே கணக்கைத்தான் பார்க்கிறோம் என்பதை முதலிலேயே பேசிக்கொள்ள வேண்டும். அத்துடன் கடைசி இரண்டு நாள்களின் எண்கள் உடனே முழுமையாக வருவதில்லை. அதனால் ஞாயிற்றுக்கிழமை முடிந்த வாரத்தைப் புதன்கிழமையில்தான் தாளில் ஏற்றுகிறேன்.

இரண்டாவது, குறுங்காணொளிகள். 2025 மார்ச் 31 முதல் குறுங்காணொளி ஓடத் தொடங்கினாலோ மீண்டும் ஓடினாலோ அது ஒரு பார்வையாக எண்ணப்படுகிறது. இவ்வளவு நேரம் பார்த்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. எண்ணும் முறை மாறிய நாளைக் குறுக்கே வைத்துக்கொண்டு முன்னையதையும் பின்னையதையும் ஒரே தொடராகக் கணித்தால், பார்வையாளர் கூடினார்களா, எண்ணும் விதிதான் மாறியதா என்று பிரித்தறிய முடியாது. விளம்பரம் நீண்ட காணொளிகளுக்கு மட்டுமே என்பதால் குறுங்காணொளிகளை முழுவதுமாக விலக்கிவிட்டேன். கீழே உள்ள எண்கள் நூறுக்குக் கிட்டவாக முழுமையாக்கப்பட்டவை.

| வாரம் | தொடங்கிய திங்கள் | பெற்ற பார்வைகள் | திருத்திய பார்வைகள் |
|---|---|---|---|
| 1 | ஜூன் 9 | 3800 | 3800 |
| 2 | ஜூன் 16 | 4100 | 4100 |
| 3 | ஜூன் 23 | 3900 | 3900 |
| 4 | ஜூன் 30 | 4300 | 4300 |
| 5 | ஜூலை 7 | 4000 | 4000 |
| 6 | ஜூலை 14 | 9600 | 4300 |
| 7 | ஜூலை 21 | 5200 | 4200 |
| 8 | ஜூலை 28 | 4200 | 4200 |
| 9 | ஓகஸ்ட் 4 | 4400 | 4400 |
| 10 | ஓகஸ்ட் 11 | 4600 | 4600 |
| 11 | ஓகஸ்ட் 18 | 4300 | 4300 |
| 12 | ஓகஸ்ட் 25 | 4700 | 4700 |

ஆறாம் வாரத்தில் நிற்கும் 9600 என்ற எண்ணைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்த வாரத்தில் கபிலத் தத்தி என்ற நெற்பூச்சி பற்றிய எங்கள் காணொளியை, வேறு மாவட்டங்களின் கமக்காரர் கூடும் ஒரு பெரிய முகநூல் குழுவில் யாரோ பகிர்ந்திருந்தார்கள். அதன் திருத்தத்துக்கு வருமுன், எண்ணை அப்படியே விட்டால் என்ன நடக்கிறது என்று காட்டுகிறேன்.

எளிய முறையும் அந்த ஒரு வாரமும்

எளிய அடுக்குக்குறி ஒப்பமாக்கல் என்பது ஒரேயொரு எண்ணை மட்டும் நினைவில் வைத்திருக்கும் முறை. அந்த எண்ணை மட்டம் என்கிறோம். அடுத்த வாரத்துக்கான மதிப்பீடு இன்றைய மட்டமேதான். வாரம் முடிந்து உண்மையான பார்வை தெரிந்தவுடன், உண்மைக்கும் மதிப்பீட்டுக்கும் உள்ள வித்தியாசத்தில் ஒரு பங்கை மட்டும் மட்டத்தோடு சேர்க்கிறோம். அந்தப் பங்குதான் அல்பா. இரணைமடுக் குளத்தின் அளவுகோல் ஒரு இரவு மழைக்கு உடனே துள்ளாமல், ஆற்றில் வந்த நீரில் ஒரு பகுதியை மட்டும் காலையில் காட்டுவது போல, மட்டமும் ஒவ்வொரு வாரத்தின் ஏற்ற இறக்கத்தையும் பகுதியாகவே ஏற்றுக்கொள்கிறது. 1950களில் அமெரிக்காவில் ரொபேர்ட் பிரவுன் களஞ்சிய இருப்புக் கணக்குக்காக இதை வளர்த்தெடுத்தார். அடுத்த மாதம் எத்தனை உதிரிப்பாகம் தேவைப்படும் என்ற கேள்வியும் எங்கள் கடைக்காரரின் கேள்வியும் ஒரே வகையானவைதான்.

தாளில் A நிரலில் திகதி, B நிரலில் பெற்ற பார்வை, C நிரலில் திருத்திய பார்வை, D நிரலில் மட்டம், F நிரலில் மதிப்பீடு, G நிரலில் பிழை ஆகியவற்றை வைத்தேன். E நிரல் பிறகு தேவைப்படும். முதல் நான்கு வாரங்களின் சராசரியான 4025 என்பதைத் தொடக்க மட்டமாக, நான்காம் வாரத்தின் நிரையிலுள்ள `D5` இல் இட்டு, ஐந்தாம் வாரத்திலிருந்து ஓடவிட்டேன்.

```
F6:  =D5
G6:  =C6-F6
D6:  =F6+$J$1*G6
```

`J1` இல் அல்பா 0.3. இந்த மூன்று வரிகளையும் பதின்மூன்றாம் நிரை வரை கீழே இழுத்தால் வேலை முடிந்தது.

முதலில் C நிரலிலும் திருத்தாத எண்களையே இட்டுப் பார்த்தேன். ஆறாம் வாரத்தில் மட்டம் 4018 இலிருந்து 5692 க்குத் தாவியது. அதற்குப் பிந்திய பிழைகளைத்தான் பார்க்க வேண்டும்: ஏழாம் வாரம் −492, எட்டாம் வாரம் −1345, ஒன்பதாம் வாரம் −741, பத்தாம் வாரம் −319, பதினோராம் வாரம் −523. ஐந்து வாரங்கள் தொடர்ந்து மதிப்பீடு உண்மைக்கு மேலேயே நிற்கிறது. ஒரு நல்ல மதிப்பீட்டின் பிழைகள் மேலும் கீழுமாகக் கலந்து வர வேண்டும். ஒரே குறியில் நான்கைந்து வாரங்கள் வரிசையாக வந்தால், முறை எதையோ தவறாக நினைவில் வைத்திருக்கிறது என்று பொருள். இங்கே அது நினைவில் வைத்திருந்தது ஒரு முகநூல் பகிர்வை.

ஆனால் பெரிதாகத் தெரியும் எண்ணையெல்லாம் வெட்டுவது சரியான வழி அல்ல. காரணம் தெரிந்து, அதை எழுதி வைக்க முடிந்தால் மட்டுமே திருத்த வேண்டும் என்பது என் நிலைப்பாடு. யூரியூப் ஸ்ரூடியோவில் தனிக் காணொளிக்கான எண்களையும் பிரித்து எடுக்கலாம் என்பதால், கபிலத் தத்திக் காணொளி அந்த இரு வாரங்களிலும் வழமைக்கு மேலாகப் பெற்ற பார்வைகளை மட்டும் கழித்தேன்: ஆறாம் வாரத்தில் 5300, ஏழாம் வாரத்தில் 1000. பக்கத்து வாரங்களின் சராசரியை இடுவது இதைவிட எளிது. ஆனால் அப்படிச் செய்தால் அந்த வாரத்தில் மற்றக் காணொளிகள் உண்மையில் பெற்ற பார்வைகளும் சேர்ந்து அழிந்துவிடும். B நிரலைத் தொடாமல் வைத்திருப்பதும், பக்கத்திலேயே ஒரு குறிப்பு நிரலில் காரணத்தை எழுதுவதும் அவசியம்.

திருத்திய தொடரில் அதே அல்பாவுடன் ஓட்டியபோது பன்னிரண்டாம் வார முடிவில் மட்டம் 4439 ஆனது. குறியை விட்டுவிட்டுப் பார்த்தால் வாரப் பிழையின் சராசரி 188. இது நல்லதா, கெட்டதா என்று அறிய ஓர் ஒப்பீடு வேண்டும். நான் எப்போதும் வைக்கும் ஒப்பீடு, எந்தக் கணக்கும் இல்லாமல் "அடுத்த வாரமும் இந்த வாரம் போலவே இருக்கும்" என்று சொல்வது. அந்த முறையின் சராசரிப் பிழை 225. எளிய முறை அதை வென்றது.

இந்த இடத்தில் பலர் நிறுத்திவிடுவார்கள். 4439 என்ற மட்டத்தை 30 நாளுக்கு மாற்றி, அதாவது 30/7 ஆல் பெருக்கி, சுமார் 19,020 என்று கடைக்காரரிடம் சொல்லிவிடலாம். ஆனால் இரண்டு அறிகுறிகள் என்னைத் தடுத்தன.

ஒன்று, எட்டுப் பிழைகளில் ஆறு ஒரே பக்கமாக, உண்மையான பார்வை மதிப்பீட்டைவிடக் கூடுதலாக இருந்தது. சராசரியாக வாரத்துக்கு 172 பார்வைகள் குறைவாகவே மதிப்பிட்டு வந்திருக்கிறோம். மற்றது, அல்பாவை மாற்றிப் பார்த்தபோது தெரிந்தது. 0.1 இல் சராசரிப் பிழை 258, 0.3 இல் 188, 0.5 இல் 171, 0.7 இல் 168. அல்பாவைக் கூட்டக் கூட்டப் பிழை குறைந்துகொண்டே போகிறது. அல்பா உயர்வது என்றால் பழைய வாரங்களை மறந்து கடைசி வாரத்தையே பிடித்துக்கொள்வது. அமைதியாக ஓடும் ஒரு தொடர் இப்படி மறதியை விரும்பாது. தொடர் மெல்ல மேலேறிக்கொண்டிருக்கும்போது, எளிய முறைக்கு ஏற்றம் என்ற எண்ணமே இல்லாததால், அது எப்போதும் பின்னால் நிற்கிறது. அல்பாவைக் கூட்டினால் அந்தப் பின்தங்கல் சற்றுக் குறைகிறது. நோய் வேறு எங்கோ இருக்க, அல்பா அதை மூடி மறைக்கிறது.

கேட்ட கேள்விக்கு ஏற்ற சோதனை

கடைக்காரர் கேட்டது அடுத்த வாரத்தை அல்ல, அடுத்த மாதத்தை. ஆகவே சோதனையும் மாதத்துக்கே நடத்தப்பட வேண்டும். நான்காம் வார முடிவில் நின்றுகொண்டு, பின்வரும் வாரங்கள் தெரியாதது போல, ஐந்து முதல் எட்டு வரையான நான்கு வாரங்களின் கூட்டுத்தொகையை மதிப்பிட்டேன். பிறகு ஐந்தாம் வார முடிவில் நின்று ஆறு முதல் ஒன்பது வரை. இப்படியே எட்டாம் வார முடிவு வரை. ஐந்து இடங்களில் நின்று, ஒவ்வொன்றிலும் அப்போது தெரிந்திருக்கக்கூடிய எண்களை மட்டும் பயன்படுத்தி, நான்கு வாரத் தொகையின் பிழையைக் குறித்தேன்.

அதற்கு முன் மூன்றாவது முறையையும் தாளில் சேர்த்தேன். இது சார்ள்ஸ் ஹோல்ட் 1957 இல் அமெரிக்கக் கடற்படை ஆய்வு அலுவலகத்துக்கான ஓர் அறிக்கையில் எழுதியது. மட்டத்தோடு கூடவே வாரத்துக்கு எவ்வளவு ஏறுகிறது என்ற இன்னோர் எண்ணையும் அது நினைவில் வைத்து, அதையும் பிழையைப் பார்த்துச் சிறிது சிறிதாகத் திருத்திக்கொள்கிறது. அந்தத் திருத்தத்தின் வேகம் பீற்றா. `J2` இல் 0.1 என இட்டேன்.

```
F6:  =D5+E5
G6:  =C6-F6
D6:  =F6+$J$1*G6
E6:  =E5+$J$1*$J$2*G6
```

தொடக்க ஏற்றத்தை நான்காம் வாரத்திலிருந்து முதல் வாரத்தைக் கழித்து எடுக்கக் கூடாது. அந்த இரண்டு வாரங்களின் தற்செயல் முழுவதும் அதில் ஏறிவிடும். மூன்றாம் நான்காம் வாரங்களின் சராசரி 4100, முதல் இரண்டு வாரங்களின் சராசரி 3950. இடைவெளி இரண்டு வாரம். ஆகவே வாரத்துக்கு 75. இதை `E5` இல் இட்டேன். நான்கு வாரச் சராசரி 4025 என்பது நடுவிலுள்ள நிலை என்பதால், நான்காம் வாரத்துக்கு வர ஒன்றரை வார ஏற்றத்தைச் சேர்த்து `D5` இல் 4137.5 இட்டேன். தொடர் குறுகியதாக இருக்கும்போது இந்தத் தொடக்க எண்கள் முடிவுவரை செல்வாக்குச் செலுத்துகின்றன. அதனால் இங்கே சோம்பல் கூடாது.

மூன்று முறைகளின் சராசரிப் பிழைகள் இப்படி வந்தன.

| முறை | ஒரு வாரம் முன்னோக்கி | நான்கு வாரத் தொகை |
|---|---|---|
| கடைசி வாரமே மீண்டும் | 225 | 740 |
| எளிய ஒப்பமாக்கல், அல்பா 0.3 | 188 | 997 |
| ஹோல்ட் முறை | 146 | 302 |

முதல் இரண்டு நிரைகளை ஒன்றாகப் பாருங்கள். வாரத்தைக் கணிப்பதில் எளிய முறை முந்துகிறது. மாதத்தைக் கணிப்பதில் அதே எளிய முறை, கணக்கே போடாத முறையிடம் தோற்கிறது. இதற்குக் காரணம் தெளிவானது. வாரத்துக்கு வாரம் வரும் தற்செயலான ஏற்ற இறக்கத்தை ஒப்பமாக்கல் நன்றாக வடிகட்டுகிறது, அதனால் ஒரு வார மதிப்பீடு திருந்துகிறது. ஆனால் ஏறும் தொடரில் அது பின்தங்கி நிற்கிறது. அந்தப் பின்தங்கல் ஒரு வாரத்தில் சிறியது. நான்கு வாரங்களைக் கூட்டும்போது தற்செயல்கள் ஒன்றையொன்று ஓரளவு கழித்துக்கொள்ள, பின்தங்கல் மட்டும் ஒரே திசையில் நான்கு தடவை கூடிவிடுகிறது. ஐந்து சோதனைகளிலும் எளிய முறை குறைவாகவே மதிப்பிட்டது என்பது இதை உறுதிப்படுத்துகிறது. அல்பாவை 0.5 ஆக்கினாலும் மாதப் பிழை 891 ஆகத்தான் குறைந்தது.

ஐந்து சோதனைகள் என்றாலும், அவற்றின் நான்கு வாரங்கள் ஒன்றன் மேல் ஒன்று படிந்தவை. உண்மையில் இவை ஐந்து தனித்தனிச் சான்றுகள் அல்ல. ஆகவே 302 என்ற எண்ணைப் பிடித்துத் தொங்காமல், மூன்று முறைகளின் வரிசையை மட்டும் நம்பினேன். அல்பாவையும் பீற்றாவையும் மேலும் நுணுக்கமாகத் தேடாமல் விட்டதற்கும் இதுவே காரணம். பன்னிரண்டு வாரங்களில் மூன்றாம் தசமதானம் வரை தேடினால், கிடைப்பது அந்தப் பன்னிரண்டு வாரங்களின் தற்செயலுக்கு மட்டுமே பொருந்தும் எண்.

செப்டெம்பருக்கான தொகை

ஹோல்ட் முறையில் பன்னிரண்டாம் வார முடிவில் மட்டம் 4589, வார ஏற்றம் 66. அடுத்த நான்கு வாரங்கள் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு ஏற்றங்களைப் பெறுவதால், மொத்தம் நான்கு மட்டமும் பத்து ஏற்றமும். செப்டெம்பர் 29, 30 ஆகிய இரு நாள்கள் ஐந்தாம் வாரத்தின் ஏழில் இரண்டு பங்கு.

```
=4*D13+10*E13+(D13+5*E13)*2/7
```

விடை 20,423. திங்களும் செவ்வாயும் ஞாயிற்றுக்கிழமை அளவுக்குப் பார்க்கப்படுவதில்லை என்பதால் 2/7 சற்றுக் கூடுதல்தான். கால்வாசி என்று வைத்தால் தொகை 176 குறையும். மற்றப் பிழைகளோடு ஒப்பிட்டால் இது சிறியது, எனவே விட்டுவிட்டேன். இதைவிடப் பெரிய தவறு, மாதத்தை நான்கு வாரம் என்று எடுத்துக்கொண்டு அந்த இரு நாள்களை மறப்பது. அப்போது 1400 பார்வைகள் காணாமல் போகும்.

எக்செலில் இதே வகை மதிப்பீட்டை ஒரே சூத்திரத்தில் தரும் `FORECAST.ETS` இருக்கிறது. பயன்படுத்துவதானால் பருவகாலத்துக்கான நான்காம் இடத்தில் 0 இட வேண்டும். வெறுமையாக விட்டால் அது தானாகவே ஒரு பருவத்தைத் தேடும், பன்னிரண்டு வாரத்தில் அது கண்டுபிடிக்கும் பருவத்தை நான் நம்பமாட்டேன். மேலும் எந்த வாரத்தில் எவ்வளவு பிழை வந்தது என்பதைக் கண்ணால் பார்க்க முடியாது. நான்கு வரிச் சூத்திரத்தைக் கையால் எழுதுவதையே விரும்புகிறேன்.

ஒரு தொகையை மட்டும் கொடுப்பது போதாது. எவ்வளவு விலகலாம் என்பதையும் சொல்ல வேண்டும். இங்கே ஒரு பொதுவான வழுக்கல் உண்டு. எட்டு வாரப் பிழைகளை வர்க்கித்துச் சராசரி எடுத்து வர்க்கமூலம் கண்டால் 160 வருகிறது. நான்கு வாரங்களின் பிழைகள் ஒன்றுக்கொன்று தொடர்பற்றவை என்று எடுத்தால், தொகையின் பிழை இதன் இரு மடங்கு. அப்படி எடுப்பது தவறு. முதல் வாரத்தில் எதிர்பாராத ஓர் உயர்வு வந்தால், அதில் அல்பா பங்கு மட்டத்தில் தங்கி, பின்வரும் எல்லா வாரங்களையும் உயர்த்துகிறது. எளிய முறையில், அல்பா 0.3 எனில், கடைசி வாரத்தின் அதிர்ச்சி தொகையில் ஒரு தடவையும், அதற்கு முந்தையது 1.3 தடவையும், பின் 1.6, முதல் வாரத்தினது 1.9 தடவையும் சேர்கின்றன. இவற்றின் வர்க்கங்களைக் கூட்டினால் 8.86, வர்க்கமூலம் ஏறத்தாழ 3. ஹோல்ட் முறையில் ஏற்றமும் திருத்தப்படுவதாலும் இரு நாள்கள் கூடுதலாக இருப்பதாலும் இது ஏறத்தாழ 3.4 ஆகிறது. அதாவது 160 இன் 3.4 மடங்கு, சுமார் 540. இரு பக்கமும் அதன் இரட்டிப்பை வைத்து, 19,300 முதல் 21,500 வரை என்று எழுதினேன்.

இந்த எல்லையும் சற்று ஒடுக்கமானதுதான். எட்டுப் பிழைகளிலிருந்து எடுத்த 160 உறுதியான எண் அல்ல; கபிலத் தத்திக் காணொளிக்கு நடந்தது போன்ற ஒன்றும் இதில் அடங்காது. அதனால் செப்டெம்பர் 3 ஆம் திகதி கடைக்காரரிடம் மூன்று விடயங்களைச் சொன்னேன்: வழமையான பார்வைகள் 20,400 அளவில் இருக்கும், 19,000 க்குக் கீழே போவதற்கு வாய்ப்புக் குறைவு, எங்கேனும் பரவலாகப் பகிரப்பட்டு வரும் கூடுதல் பார்வைகள் இந்தக் கணக்கில் இல்லை. அவர் 19,000 ஐ அடிப்படையாக வைத்துப் பேசினார். "கூட வந்தா அது என்ர அதிட்டம்," என்றார்.

மாதம் முடிந்த பிறகு

செப்டெம்பரின் நான்கு வாரங்களும் முறையே 4500, 4900, 4800, 5300. கடைசி இரு நாள்கள் 1400. மொத்தம் 20,900. ஹோல்ட் முறையின் மதிப்பீடு 477 குறைவு, அதாவது இரண்டேகால் சதவீதம் அளவில். கடைசி வாரத்தையே திரும்ப வைத்திருந்தால் 757 குறைவு. எளிய முறை 1,876 குறைவு. சோதனை சொன்ன வரிசையே உண்மையிலும் வந்தது.

இன்னொன்றையும் மறைக்காமல் எழுத வேண்டும். திருத்தாத தொடரை எளிய முறையில் ஓட்டியிருந்தால் பன்னிரண்டாம் வாரத்தில் மட்டம் 4676 ஆகி, மாதத் தொகை 20,040 என வந்திருக்கும். இது திருத்திய தொடரின் எளிய முறையைவிட உண்மைக்கு அருகில் இருக்கிறது. இதைக் காட்டித் திருத்தம் வீண் என்று ஒருவர் வாதிடலாம். நடந்தது வேறு: முகநூல் பகிர்வின் எச்சம் மட்டத்தை உயர்த்தி வைத்திருந்தது, ஏற்றத்தை அறியாத முறையின் குறையை அது தற்செயலாக நிரப்பியது. எட்டாம் வார முடிவில் நின்று அதே திருத்தாத தொடரால் அடுத்த நான்கு வாரங்களை மதிப்பிட்டால் 20,565 வருகிறது, உண்மை 18,000. இரண்டு தவறுகள் ஒரு மாதத்தில் ஒன்றையொன்று ஈடுசெய்யலாம். அடுத்த மாதத்தில் அவை ஒரே பக்கமாக நிற்கலாம். ஒரு மாத முடிவை மட்டும் வைத்து முறையைத் தெரிவு செய்யக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் என் தாளில் இல்லை.

செப்டெம்பர் கடைசி வாரத்தைத் தனியே கவனித்தேன். மாதத் தொடக்கத்தில் அந்த வாரத்துக்கு மதிப்பிட்டது 4854, வந்தது 5300. பிழை 446, வழமையான 160 இன் இரண்டரை மடங்குக்கும் மேல். முதல் மூன்று வாரங்களின் பிழைகள் −155, +179, +13 என்று கலந்தே வந்திருந்ததால், முறை அதுவரை சரியாகவே இருந்திருக்கிறது. காணொளிவாரியாகப் பிரித்துப் பார்த்தபோது ஒரு தனிக் காணொளி மட்டும் துள்ளவில்லை. விதைநெல் தெரிவு, நிலப்பண்படுத்தல், புழுதி விதைப்பு, களைநாசினி ஆகிய பழைய காணொளிகள் எல்லாமே கூடியிருந்தன. காலபோகம் நெருங்கிவிட்டது. மாரி மழையை எதிர்பார்த்து மானாவாரி வயல்களில் வேலை தொடங்கும்போது தேடலும் கூடும். இது கழிக்க வேண்டிய அதிர்ச்சி அல்ல. தொடரின் இயல்பான நடத்தை. ஆகவே C நிரலில் 5300 ஐ அப்படியே விட்டேன்.

பருவத்தை முறையோடு சேர்ப்பதற்கு ஹோல்டின் மாணவர் பீற்றர் வின்ரேர்ஸ் 1960 இல் வெளியிட்ட விரிவாக்கம் இருக்கிறது. ஆனால் ஆண்டுப் பருவத்தை வாரக் கணக்கில் கற்றுக்கொள்ள அதற்குக் குறைந்தது இரண்டு முழு ஆண்டுகள், அதாவது 104 வாரங்கள் வேண்டும். எங்கள் வயல்களில் அது இரண்டு காலபோகமும் இரண்டு சிறுபோகமும். ஒரு காலபோகத்தை மட்டும் பார்த்த தாள், அந்த ஆண்டு மழை முந்தியதா பிந்தியதா என்பதையும் பருவம் என்றே எடுத்துக்கொள்ளும். எண்ணும் விதி மாறாத, குறுங்காணொளி கலக்காத தொடர் எங்களிடம் அந்த அளவுக்கு இன்னும் சேரவில்லை. பீற்றாவைக் கூட்டி ஏற்றத்தை வேகமாகப் பிடிக்கச் செய்வதும் தீர்வல்ல. விதைப்பு முடிந்து தேடல் இறங்கும்போது, அந்த வேகமான ஏற்றம் இன்னும் சில வாரங்களுக்கு மேலேயே இழுத்துக்கொண்டு போகும்.

ஆகவே ஒக்டோபருக்கு மாதத் தொகை ஒன்றைக் கொடுக்க நான் சம்மதிக்கவில்லை. செப்டெம்பரின் நான்கு வாரங்களையும் தாளில் ஏற்றியபோது மட்டம் 5001 ஆகவும் வார ஏற்றம் 81 ஆகவும் வந்தன. செப்டெம்பர் 29 இல் தொடங்கும் வாரத்துக்கு 5,080 என்று மட்டும் சொன்னேன், விதைப்பு முடியும் வரை ஒவ்வொரு புதன்கிழமையும் அடுத்த ஒரு வாரத்துக்கான எண்ணைப் புதுப்பித்துத் தருவதாகக் கடைக்காரருடன் பேசிக்கொண்டோம்.